‘முகாந்திரம் இல்லை’ என்று பதில் வந்தால்

கேள்வி: அப்பா பெயரில் இருக்கும் பட்டாவை என் பெயருக்கு மாற்றச் சொல்லி தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருந்தேன். வந்த பதிலில் சுவாதீனம், பாத்தியதை, முகாந்திரம் என்று என்னென்னவோ இருக்கிறது. தமிழ்தான், ஆனால் புரியவில்லை. எளிய தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாமா? ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர், தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டு விளக்கம் வாங்கித் தருகிறேன் என்று 1,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். விளக்கம் கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். ஆனால் “எளிய தமிழில் எழுதித் தரவும்” என்று மட்டும் கேட்டால் ஒன்றும் நடக்காது. அதே கடிதத்தைத் தேதி மாற்றி அனுப்புவார்கள், இல்லையென்றால் உங்கள் மனு கோப்போடு கோப்பாகப் போய்விடும்.

முதலில் கடிதத்தை நீங்களே ஒரு தடவை உடைத்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய நகலில் முக்கியமான வாக்கியம் இது: “ஷை புல எண்ணில் மனுதாரரின் சுவாதீனம் ஸ்தல விசாரணையில் மெய்ப்பிக்கப்படாததாலும், பாத்தியதை குறித்து ஆட்சேபணை பெறப்பட்டுள்ளதாலும், கோரிக்கையைப் பரிசீலிக்க முகாந்திரம் இல்லை எனவும், உரிமையியல் நீதிமன்றம் மூலம் பரிகாரம் தேடிக்கொள்ளுமாறும் தெரிவிக்கப்படுகிறது.”

இப்படிப்பட்ட வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். முடிவு எப்போதும் வாலில்தான் இருக்கும். “நீதிமன்றத்துக்குப் போங்கள்” என்பது வால். அதற்கு முன்னால் “உங்கள் மனுவை ஏற்கக் காரணம் இல்லை” என்கிறார்கள். அதற்கும் முன்னால் “-தாலும், -தாலும்” என்று முடிகிற இரண்டு துண்டுகள்தான் காரணங்கள். நேரில் வந்து பார்த்தபோது நிலம் உங்கள் கையில் இருப்பதாகத் தெரியவில்லை, இது ஒன்று. நிலத்தில் உங்களுக்கு உரிமை இல்லை என்று யாரோ மறுப்புக் கொடுத்திருக்கிறார்கள், இது இரண்டு. ‘ஷை’ என்பது ‘மேலே சொன்ன’. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது உங்களுக்குத் தெரிய வேண்டியது சொற்பொருள் இல்லை. மறுப்புக் கொடுத்தது யார், ஸ்தல விசாரணைக்கு யார் எந்தத் தேதியில் வந்தார், என்ன பார்த்தார் என்பதுதான். அதனால் கடிதத்தை இப்படி எழுதுங்கள். மேலே ‘பார்வை’ என்று எழுதி, அவர்கள் கடிதத்தில் இருக்கும் கோப்பு எண்ணான ந.க. எண்ணையும் தேதியையும் அப்படியே அதில் போடுங்கள். அப்புறம் இவ்வளவு போதும்:

“பார்வையில் கண்ட கடிதத்தை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன்: (1) நிலம் என் கைவசம் இருப்பதாக நேரடி விசாரணையில் தெரியவில்லை. (2) என் உரிமையை மறுத்து ஒருவர் மனு கொடுத்துள்ளார். (3) இந்த இரண்டு காரணங்களால் என் மனு ஏற்கப்படவில்லை. இது சரியா? தவறாக இருந்தால் எந்த எண் தவறு என்று தெரிவிக்கவும். மறுப்புத் தெரிவித்தவர் பெயரையும் விசாரணை நடந்த தேதியையும் தெரிவிக்கவும்.”

ஏன் இப்படி? கடிதத்தைத் தயாரிக்கிறவர் பிரிவில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர். பெரும்பாலும் முந்தைய கோப்பில் இருந்த வாசகத்தில் பெயரையும் புல எண்ணையும் மாற்றியிருப்பார். முகாந்திரம் என்றால் என்ன என்று அவரையே கேட்டால் திணறுவார். எளிமையாக எழுது என்றால் எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியாது. நீங்களே எளிமையாக எழுதிக் கொடுத்து “சரியா, தவறா” என்று கேட்டால் பதில் சொல்வது அவருக்கும் சுலபம். 1956-லேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. ஆட்சிச் சொல் அகராதியும் அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் சிலர் சுவாதீனத்தை விடவில்லை. விட்டவர்கள் “ஏதுவின்மையால் ஏற்பிற்குரியதன்று” என்று எழுதுகிறார்கள். வடமொழி போய்ச் செந்தமிழ் வந்தாலும் மனுக் கொடுத்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தகவல் உரிமைச் சட்டத்துக்கு வருகிறேன். இதில்தான் ஏமாற்றுகிறார்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாக இருப்பதைத்தான் கேட்க முடியும். “இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்” என்று கேட்டால், விளக்கம் தருவது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு, மேல்முறையீடு போடலாம் சார் என்று அவர் இன்னொரு 1,500 கேட்பார். அதே சட்டத்தில் மறுப்பு மனுவின் நகலையும் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை நகலையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், அப்புறம் பக்கங்களுக்கான நகல் செலவு. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த அறிக்கை பெரும்பாலும் கடிதத்தைவிடப் புரிகிற தமிழில் இருக்கும், எழுதியவர் நேரில் வந்து பார்த்தவர் என்பதால்.

இன்னொன்று, வாசலில் எழுதுகிறவர்கள் எளிய விளக்கம் கேட்கும் மனுவையே “சமூகம் அவர்களின் மேலான பார்வைக்குத் தாழ்மையுடன் சமர்ப்பித்து வேண்டிப் பிரார்த்திக்கும்” என்று ஆரம்பிப்பார்கள். எளிமை கேட்பதற்கே இந்தத் தமிழா?

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எளிய சொல்லை வற்புறுத்தாதீர்கள். பத்திரம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பதிலில் எளிய சொல் கிடைத்த உற்சாகத்தில், அடுத்து எழுதும் பத்திரத்திலும் பழைய சொற்களையெல்லாம் எடுத்துவிடச் சொல்வார்கள். ‘சுயார்ஜிதம்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தானே சம்பாதித்து வாங்கிய சொத்து என்று பொருள். அதை எடுத்துவிட்டு ‘சொந்தச் சொத்து’ என்று எழுதினால் படிக்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டன் வழி வந்த சொத்தையும் நாம் சொந்தச் சொத்து என்றுதான் சொல்கிறோம். தான் சம்பாதித்ததை ஒருவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். பிதுரார்ஜிதம், அதாவது முன்னோர் சொத்து என்றால் மற்றவர்களுக்கும் பங்கு இருக்கலாம். பின்னால் வழக்கு வந்தால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் வருஷக்கணக்கில் இழுப்பார். அதனால் பத்திரத்தில் பழைய சொல் இருக்கட்டும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘தானே சம்பாதித்து வாங்கியது’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். சுவாதீனமும் பாத்தியதையும் அப்படித்தான். நிலம் கையில் இருப்பது வேறு, உரிமை இருப்பது வேறு. இரண்டுக்கும் ‘சொந்தம்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் உங்கள் வழக்கின் பாதி காணாமல் போய்விடும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. விளக்கம் கேட்டிருக்கிறீர்கள் என்பதற்காக மேல்முறையீட்டுக் கெடு நிற்காது. வட்டாட்சியரின் பட்டா உத்தரவின் மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கெடு கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். விளக்கக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். “அப்படியே வைத்துவிட்டுப் போங்க, பார்த்துக்கலாம்” என்றால் வைக்காதீர்கள். நேராக அஞ்சலகம் போய், கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.