விளம்பரக் காசு இல்லாத ஏ.சி. சர்வீஸ்: திட்ட அறிக்கையில் என்ன எழுதுவது?

கேள்வி: வணக்கம் சார். திருச்சியில் நானும் தம்பியும் ஏ.சி. சர்வீஸ் செய்கிறோம். மாதம் 40 வேலை வருகிறது. வாட்டர் சர்வீஸுக்கு 700 ரூபாய் வாங்குகிறோம், பெட்ரோல், சாமான் செலவு போக 450 நிற்கும். வங்கியில் முத்ரா கிஷோர் கடன் 2 லட்சம் கேட்கத் திட்ட அறிக்கை தயார் செய்கிறோம். எழுதிக் கொடுத்தவர் விளம்பரத்துக்கு மட்டும் 60,000 போட்டிருக்கிறார். எங்களால் மாதம் 2,000 தாண்டி முடியாது. எங்களுக்கு ஆள் சொல்லித்தான் ஆள் வருகிறது. அதை மேனேஜர் நம்பும்படி எப்படி எழுதுவது?

பதில்: அந்த 60,000 ரூபாயை முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு சர்வீஸில் 450 நிற்கிறது என்றால், அந்தப் பணம் திரும்பி வரவே 134 வேலை வேண்டும். உங்கள் வேகத்தில் அது மூன்று மாதத்துக்கு மேல். மேனேஜர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

ஆனால் அதற்குப் பதிலாக "வாடிக்கையாளர்கள் பரிந்துரை மூலம் தொழில் வளரும்" என்று ஒரு வரி எழுதினாலும் பயனில்லை, எல்லா அறிக்கையிலும் அந்த வரி இருக்கும். உங்கள் நோட்டில் இருக்கும் எண்தான் அந்த வரிக்கு எடை தரும். கடந்த மூன்று மாதத்தில் செய்த வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் பழைய வீடா, புதிய வீடா, புதிது என்றால் யார் சொல்லி வந்தார்கள் என்று குறியுங்கள். ஞாபகம் இல்லாதவர்களுக்குப் போன் செய்து, "ஏ.சி. நல்லா ஓடுதா? அப்புறம், எங்க நம்பர் யார்கிட்ட கிடைச்சுது?" என்று கேளுங்கள். இரண்டு சாயங்காலத்தில் முடிகிற வேலை.

உதாரணத்துக்கு இப்படி வருகிறது என்று வைப்போம்: மொத்தம் 120 வேலை. அதில் 70 பழைய வீடுகள், 50 புதியவை. அந்த 50-ல் 28 பேர் யாரோ சொல்லி வந்தவர்கள். அதாவது மாதத்துக்குச் சுமார் 9 பேர், நீங்கள் யாரையும் கேட்காமலேயே. அந்த 28 பேரையும் அனுப்பியவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பெயர்தான் திரும்பத் திரும்ப வரும்: ஒரு எலெக்ட்ரீஷியன், ஸ்ரீரங்கத்தில் ஓர் அப்பார்ட்மென்ட் செயலாளர், ஆபீஸில் எல்லோருக்கும் நம்பர் கொடுக்கிற ஒரு அக்கா. அந்தப் பெயர்களைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்து எல்லோரும் செய்வது, "ஆள் அனுப்பினால் 150 ரூபாய் தள்ளுபடி". இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடுங்கள். தள்ளுபடி அறிவித்தபின் மாதம் 9 பேர் வந்த இடத்தில் 12 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 பேருக்கும் 150 என்றால் 1,800 ரூபாய். ஆனால் அதில் 9 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். கூடுதலாக வந்தது 3 பேர்தான், ஆக ஒரு ஆளுக்கு 600 ரூபாய் ஆகிறது. முதல் சர்வீஸில் நிற்பதோ 450. அவர் ஆறு மாதம் கழித்து மறுபடி உங்களையே கூப்பிட்டால்தான் லாபம்.

அதனால் என் யோசனை, முதல் இரண்டு மாதம் காசு எதுவும் கொடுக்காமல் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை, நாம்தான் கேட்பதில்லை.

எப்போது கேட்பது என்பது முக்கியம். வேலை முடித்துக் காசு வாங்கும் நேரத்தில் கேட்காதீர்கள். வாட்டர் சர்வீஸ் செய்த ஏ.சி.யில் ட்ரெயின் ட்ரே சரியாக உட்காராமல் போனாலோ குழாயில் அழுக்கு நின்றாலோ அன்று இரவே தண்ணீர் சொட்டும். அந்த நிலைமையில் அவர் யாருக்கு உங்கள் நம்பரைக் கொடுப்பார்? மறுநாள் போன் செய்து, "தண்ணி எங்கயாவது ஒழுகுதா சார்?" என்று கேளுங்கள். ஒழுகினால் போய்ச் சரிசெய்யுங்கள், அன்று வேறு எதுவும் கேட்க வேண்டாம். "இல்லப்பா, நல்லா இருக்கு" என்றால், அதுதான் நேரம். ப்ளோயரைக் கழுவும் முன்னும் பின்னும் எடுத்த போட்டோவோடு, அவர் அப்படியே ஃபார்வேர்டு செய்யும்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"எங்க வீட்டு ஏ.சி. இவங்கதான் சர்வீஸ் செஞ்சாங்க. ஸ்ப்ளிட் வாட்டர் சர்வீஸ் 700 ரூபாய். தில்லைநகர், உறையூர், ஸ்ரீரங்கம் பக்கம் வருவாங்க."

கீழே உங்கள் பெயரும் நம்பரும். செய்தி வாடிக்கையாளர் பேசுவது போல இருக்கட்டும், விலையும் இருக்கட்டும். விலை இல்லாத செய்தியைப் பார்ப்பவர் "எவ்வளவு ஆகும்னு கேட்கணும்" என்று தள்ளிப்போடுவார்.

அப்பார்ட்மென்டில் மட்டும் தள்ளுபடி கொடுக்கலாம், ஏனென்றால் அங்கே அது உங்களுக்கும் மிச்சம். ஒரே நாளில் ஒரே கட்டடத்தில் நான்கு வீடு சேர்ந்தால் ஆளுக்கு 600 என்று சொல்லுங்கள். நான்கு தடவை வண்டி எடுக்கிற பெட்ரோலும் நேரமும் குறையும், ஒரு வீட்டுக்காரரே மற்ற மூன்று வீட்டையும் சேர்த்துக்கொடுப்பார். எலெக்ட்ரீஷியனுக்கும் வாட்ச்மேனுக்கும் கமிஷன் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காசு கடைசியில் பில்லில் ஏறும், அது வீட்டுக்காரருக்குத் தெரியவரும்போது இரண்டு பேர் பெயரும் கெடும். உங்களிடம் வயரிங் வேலை கேட்பவர்களை அந்த எலெக்ட்ரீஷியனிடம் அனுப்புங்கள், அவருக்கு அதுவே போதும்.

கூகுள் ரிவ்யூவுக்கும் காசோ தள்ளுபடியோ கொடுக்காதீர்கள். அது கூகுள் விதிக்கு எதிரானது, ரிவ்யூவை நீக்கிவிடுவார்கள். உங்கள் பிசினஸ் ப்ரொஃபைலில் ரிவ்யூ கேட்பதற்கான லிங்க் கிடைக்கும். மறுநாள் செய்தியோடு அதையும் அனுப்பினால் சரி.

பழைய வீடுகளை விட்டுவிடாதீர்கள், மேலே போட்ட கணக்கே இரண்டாவது சர்வீஸை நம்பித்தான் நிற்கிறது. இன்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் அடுத்த சர்வீஸ் மாதத்தையும் எழுதுங்கள். வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட்டை நம்பி இருக்க வேண்டாம், உங்கள் நம்பரை சேவ் செய்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். எனவே கிளம்பும்போதே நம்பரை சேவ் செய்யச் சொல்லுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் ஆள் அனுப்பச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். அப்போது வருகிற வேலைக்கே இரண்டு பேர் போதாது. ஒருவர் சொல்லி அனுப்பிய வீட்டுக்கு நான்கு நாள் கழித்துப் போனால், புதியவரோடு சேர்த்து அனுப்பியவரையும் இழப்பீர்கள். ஜனவரி, பிப்ரவரியிலும், மழை தொடங்கி வேலை குறைகிற மாதங்களிலும் கேளுங்கள்.

இப்போது அறிக்கைக்கு வரலாம். அந்தப் பகுதி அரைப் பக்கம் தாண்ட வேண்டாம். உங்கள் நோட்டில் வரும் எண்ணைப் போட்டு இப்படி எழுதுங்கள்:

"கடந்த மூன்று மாதத்தில் செய்த 120 வேலைகளில் 70 பழைய வாடிக்கையாளர்களுடையவை. 28 பேர் பிறர் சொல்லி வந்தவர்கள். இதற்கு நாங்கள் செலவு எதுவும் செய்யவில்லை. இனி ஒவ்வொரு வேலைக்கும் மறுநாள் விசாரித்து, பரிந்துரை கேட்போம். மாதம் 9 ஆக இருக்கும் இந்த எண்ணிக்கை ஓராண்டில் 12 ஆகும் என எதிர்பார்க்கிறோம். ஸ்டிக்கர், போன் செலவு, அப்பார்ட்மென்ட் சலுகை சேர்த்து மாதச் செலவு 2,000 ரூபாய்க்குள். ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரும் யார் மூலம் வந்தார் என்று பதிவேட்டில் குறிக்கிறோம்."

12 என்பதை 20 என்று எழுத ஆசை வரும், வேண்டாம். 12 வந்தாலே தவணை கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கடன் தொகையைக் குறையுங்கள். குறித்து வைத்த நோட்டில் வாடிக்கையாளர் நம்பர்களை மறைத்துவிட்டு, நான்கைந்து பக்கம் ஜெராக்ஸ் எடுத்து அறிக்கையோடு இணையுங்கள்.