தாத்தாவின் கட்டுமரம்: ஆப் போட்ட படமும் ஆர்ட்டிஸ்ட் சொன்ன மறுப்பும்

கேள்வி: எனக்குக் கடலூர் தேவனாம்பட்டினம். போன வருஷம் இறந்துபோன என் தாத்தா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். அவர் நினைவாகக் கையில் டாட்டூ போட ஆசை. மொபைல் ஆப்பில் catamaran என்று டைப் செய்து, அவருடைய ரேஷன் கார்டு போட்டோவையும் கொடுத்து ஒரு படம் உருவாக்கினேன். படகு, அலை, சூரிய உதயம், தாத்தா முகம், கீழே ‘தாத்தா’ என்ற எழுத்து, எல்லாம் அருமையாக வந்தது. 3 இன்ச்சில் போட வேண்டும் என்று புதுச்சேரி ஸ்டுடியோ ஒன்றில் 2000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். ஆர்ட்டிஸ்ட் “இதை அப்படியே போட மாட்டேன், நானே வரைந்து தருகிறேன்” என்கிறார். என் கை, என் பணம். அவர் மறுக்கலாமா? அட்வான்ஸைத் திரும்பக் கேட்கலாமா? மாசி மகத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

பதில்: அட்வான்ஸை இப்போதைக்குக் கேட்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதை வாங்கிப் பார்த்து “சரி, உட்காருங்க” என்று ஊசியை எடுக்கிற ஆளிடம் போயிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

முதலில் படகு. அது உங்கள் தாத்தா ஓட்டிய கட்டுமரமே இல்லை. ஆங்கிலக்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல்தான் catamaran. ஆனால் இன்று அந்தச் சொல்லுக்கு அவர்கள் ஊரில் பொருள் வேறு; அடிப்பகுதி இரண்டாகப் பிரிந்த சொகுசுப் பாய்மரப் படகு அது. ஆப்பும் அதைத்தான் வரைந்திருக்கிறது. உங்கள் படத்தில் இரண்டு அடிப்பகுதியும் நடுவில் தளமும் பளிச்சென்று தெரிகின்றன. மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டியதும், கரையேறியதும் அவிழ்த்துக் காயவைக்கிறதுமான நம்ம ஊர்க் கட்டுமரம் அதில் எங்கேயும் இல்லை. கடற்கரைக்காரர் ஒருவர் உங்கள் கையைப் பார்த்தால் ஒரு நொடியில் கேட்டுவிடுவார்.

அடுத்தது முகம். இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டில் இருப்பது நகம் அளவுப் படம். அதை ஆப் தெளிவாக்கிக் கொடுத்தது என்றால், படத்தில் இல்லாத புருவத்தையும் உதட்டையும் அதுவே இட்டு நிரப்பியிருக்கிறது என்று அர்த்தம். தாத்தா ஜாடையில் வேறு யாரோ ஒருவர் அங்கே இருக்கிறார். எதுவும் சொல்லாமல் பாட்டியிடமோ அப்பாவிடமோ காட்டிப் பாருங்கள். பார்த்த உடனே பெயர் சொன்னால் சரி. “யாருப்பா இது?” என்று கேட்டாலோ, கொஞ்சம் யோசித்தாலோ அந்த முகத்தைக் கையில் ஏற்ற வேண்டாம். தவிர, முகம் என்றால் உள்ளங்கை அளவு இடமாவது வேண்டும். உங்கள் மூன்று இன்ச் படத்தில் முகத்துக்குக் கிடைப்பது ஒரு இன்ச்சுக்கும் குறைவு.

ஏன் இடம் இவ்வளவு முக்கியம் என்றால், டாட்டூ மை வரைந்த இடத்தில் வரைந்தபடியே நிற்பதில்லை. மேல்தோலுக்குக் கீழே உள்ள அடுக்கில் மை இறங்குகிறது. அங்கே உடம்பின் பாதுகாப்பு அணுக்கள் அதை விழுங்கிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வருஷங்கள் போகப் போகத் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கோடு தடிமனாகும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடு இருந்தால் நடுவில் இருக்கும் வெறும் தோல் மறைந்து ஒரே கறையாகிவிடும். என் மணிக்கட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஒரு ஸ்டுடியோவில் ‘அம்மா’ என்று பொடி எழுத்தில் எழுதிக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. இன்று ‘ம்’ மேலிருந்த புள்ளி எழுத்தோடு ஒட்டிவிட்டது, ‘அ’வின் சுழி அடைந்துவிட்டது. நான் சொன்னால்தான் அது அம்மா என்று தெரிகிறது. நம் எழுத்துகளில் சுழியும் புள்ளியும் அதிகம் என்பதால் இந்த ஆபத்து நமக்குக் கொஞ்சம் கூடுதல். உங்கள் படத்தில் கீழே இருப்பதை ‘தாத்தா’ என்று நீங்கள் படிக்கிறீர்கள். எழுத்துக் கூட்டிப் பாருங்கள், இரண்டாவது எழுத்து தமிழிலேயே கிடையாது. படம் உருவாக்கும் ஆப்களில் பலவும் எழுத்தை எழுதுவதில்லை, எழுத்துபோல வரைகின்றன.

சூரிய உதயத்தின் ஆரஞ்சும் மஞ்சளும் அப்படித்தான். மொபைல் திரையில் வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. கையில் மை இருப்பது தோலுக்கு அடியில்; நம் மாநிறத்துக்கு அடியிலிருந்துதான் அந்த மஞ்சள் தெரிய வேண்டும். ஆறிய பிறகு மங்கிப்போகும். மற்ற நிறங்களைவிடக் கறுப்புதான் நம் தோலில் அதிக காலம் தெளிவாக நிற்கும்.

சரி, இப்போது என்ன செய்வது? ஆப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இந்த டாட்டூவைப் பார்த்தால் எனக்கு என்ன நினைவுக்கு வர வேண்டும்? ‘தாத்தாவின் நினைவு’ என்று எழுதினால் போதாது, அதை வரைய முடியாது. ‘விடியற்காலையில் தாத்தா நின்றுகொண்டு துடுப்புப் போடுவதை நான் கரையிலிருந்து பார்த்தேன்’ என்று எழுதினால் அதற்குள்ளேயே படம் இருக்கிறது. கரையிலிருந்து பார்த்தவனுக்குத் தெரிந்தது முதுகும் பக்கவாட்டும்தான், முகம் இல்லை. முகப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. உங்கள் நினைவு வேறாக இருக்கலாம். மரங்களைக் கட்டுகிற கையாகக்கூட இருக்கலாம். அந்த வாக்கியத்தில் வராத எதையும் டாட்டூவில் சேர்க்காதீர்கள். உங்கள் ஐந்து சமாச்சாரங்களில் இரண்டு மிஞ்சினால் அதிகம்.

அதற்கப்புறம் ஆப்பிடம் திரும்பிப் போகலாம். அதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆள் எந்தப் பக்கம் சாய்ந்தால் நன்றாக இருக்கும், மரம் எவ்வளவு நீளம் தெரிய வேண்டும் என்று பத்து விதமாகப் பார்க்க அது நல்ல உதவி. பொருளின் பெயரைச் சொல்லாமல் உருவத்தைச் சொல்லுங்கள். இப்படி:

```
five wooden logs tied side by side with rope, low on the water,
one man standing with a long paddle, side view,
solid black silhouette, white background, no text, no sail
```

ஐந்து என்பதை மாற்றி, தாத்தாவின் கட்டுமரத்தில் எத்தனை மரம் இருந்ததோ அதைப் போடுங்கள். வரும் படத்தில் மரங்களை எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கை அடிக்கடி தப்பாக வரும். துடுப்பைப் பிடித்த கை, கயிறு சுற்றிய இடம் இரண்டையும் தனியாகப் பாருங்கள்; எங்கேயோ தொடங்கி எங்கேயும் முடியாத கயிறு இந்தப் படங்களில் சகஜம். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஆளின் நிலையும் மொத்த வடிவமும்தான். கட்டுமரம் எப்படி இருந்தது என்பதற்கு வீட்டில் இருக்கும் பழைய போட்டோவும், தாத்தாவோடு கடலுக்குப் போன பெரியவர்களும்தான் ஆதாரம். துடுப்பின் நீளம், முன்பக்கம் எப்படிக் கூம்பியிருந்தது, கயிறு எங்கெங்கே கட்டுவார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டிஸ்ட்டுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

பிறகு கச்சா வரைபடம். வரையத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பட்டர் பேப்பரை முன்கையில் சுற்றி, மணிக்கட்டு மடிப்பையும் முழங்கை மடிப்பையும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளில், உண்மையான அளவில், சாதாரணப் பால்பாயின்ட் பேனாவால் வரையுங்கள். எந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு கோடு போடும் அளவு வெறும் இடம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் பத்தாத இடமெல்லாம் தானாகவே தெரிந்துவிடும். உங்கள் ஆப் படத்தில் கயிற்றில் மட்டும் பிரிபிரியாக நாற்பது கோடு இருக்கிறது. மூன்று இன்ச் படத்தின் கயிற்றில் இந்த இடைவெளியோடு பேனாவால் நான்குகூடப் போட முடியாது. வரைந்த தாளைச் சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கட்டுமரமும் ஆளும் தெரிந்தால் போதும். தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டுங்கள் அல்லது எதையாவது எடுத்துவிடுங்கள்.

அந்தத் தாள், நீங்கள் எழுதிய வாக்கியம், பழைய போட்டோ, பிடித்த இரண்டு ஆப் படம், இந்த நான்கையும் ஆர்ட்டிஸ்ட்டிடம் கொடுங்கள். எத்தனை மரம், எப்படித் துடுப்பு, எழுத்து சரியா, இதெல்லாம் உங்கள் முடிவு. கோட்டின் தடிமன், இடைவெளி, குறைந்தபட்ச அளவு, கையில் எந்த இடம், எது போட முடியாது என்பதெல்லாம் அவர் முடிவு. உள்ளங்கையைத் திருப்பும்போது முன்கைத் தோலும் சேர்ந்து திரும்பும். நேராக வரைந்த கடல்கோடு சாய்ந்துவிடும். எங்கே வைத்தால் குறைவாகச் சாயும் என்பது நூறு கையில் வேலை செய்தவருக்குத்தான் தெரியும். மூன்று இன்ச்சை ஐந்தாக்கச் சொன்னால் பணத்துக்காகச் சொல்கிறார் என்று உடனே நினைக்காதீர்கள். பல ஸ்டுடியோக்களில் சதுர இன்ச் கணக்கில்தான் பணம் என்பதால் அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஐந்து வருஷத்துக்கு முன்பு போட்ட சிறிய டாட்டூ ஒன்றின் இன்றைய போட்டோவைக் காட்டச் சொல்லுங்கள், விடை அதிலேயே இருக்கும்.

ஊசி வைக்கும் முன் வரைபடத்தின் அச்சான ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டுவார்கள். அப்போது எழுந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, மடக்கி, திருப்பிக் கண்ணாடியில் பாருங்கள். எழுத்து இருந்தால் ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஸ்டென்சிலை அழித்து மூன்று முறை ஒட்டச் சொன்னாலும் தப்பில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

பணத்துக்கு வருவோம். வரையும் ஆள் தன் வேலை கெட்டுப்போகும் என்று ஒரு படத்தை மறுப்பது சேவைக் குறைபாடு ஆகாது. ஆனால் அட்வான்ஸ் வாங்கியவர் உங்களுக்கு வரைபடம் காட்டக் கடமைப்பட்டவர். எப்போது காட்டுவார், எத்தனை முறை திருத்துவார், 2000 மொத்தத் தொகையில் கழியுமா, ஆறிய பிறகு விட்டுப்போன இடத்தைச் சரிசெய்ய மறுபடி பணமா, இந்த நான்கையும் வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். சொன்ன தேதியில் வரைபடமே காட்டாமல் இழுத்தடித்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும் என்பதால், ஸ்டுடியோ புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும்.

கடைசியாக மாசி மகம். தீர்த்தவாரி அன்று நீங்கள் கடலில் இறங்காமல் இருக்க மாட்டீர்கள். புது டாட்டூ திறந்த காயம். மேல்தோல் மூடவே இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை கடல் தண்ணீர் ஆகாது. மகத்துக்கு ஒரு மாதம் முன்பே போட முடிந்தால் போடுங்கள். வரைபடம் அதற்குள் தயாராகவில்லை என்றால் வெறும் கையோடு கடலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, மறுவாரம் ஸ்டுடியோவுக்குப் போங்கள்.