14 மாதம் இருக்க 24 மாத ஒப்பந்தம் எதற்கு?

கேள்வி: பிராட்பேண்ட் எடுக்கப் போகிறேன். 24 மாத ஒப்பந்தத்தில் மாதக் கட்டணம் குறைவு, ஒப்பந்தம் இல்லாத திட்டத்தில் அதிகம். ஆனால் 14 மாதத்தில் வீடு மாறிவிடுவேன். எதை எடுப்பது? மொபைல் சிம்முக்கும் இதே கணக்குதானா?

பதில்: மாதக் கட்டணத்தை ஓரமாக வையுங்கள். காலி செய்யும் நாள்வரை மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பீர்கள் என்று பாருங்கள்.

ஓர் உதாரணம். 24 மாத ஒப்பந்தத்தில் மாதம் 30, இணைப்புக் கட்டணம் இல்லை. இடையில் விலகினால் மீதியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் 24 கட்ட வேண்டும். ஒப்பந்தம் இல்லாத திட்டத்தில் மாதம் 36, தொடக்கத்தில் இணைப்புக் கட்டணம் 60. 14 மாதத்தில் விலகினால், முதல் திட்டத்தில் 420, அதோடு மீதி 10 மாதத்துக்கு 240, ஆக 660. இரண்டாவதில் 504, அதோடு 60, ஆக 564. மலிவு என்று நினைத்ததுதான் உங்களுக்கு விலை கூடுதல். இதே எண்களில் 18 மாதம் இருந்தால் கணக்கு திரும்பிவிடும்: 684க்கு எதிராக 708.

பலரும் கேட்க மறப்பது 12 மாதத் திட்டம் இருக்கிறதா என்பதை. மாதம் 33, இணைப்புக்கு 20, ஒப்பந்தம் முடிந்தபின் கட்டணம் 42 ஆக ஏறும் என்று வையுங்கள். கடைசி இரண்டு மாதம் அந்த ஏறிய விலையைக் கட்டினாலும் மொத்தம் 500தான். உங்கள் நிலைமையில் நான் முதலில் இதைத்தான் தேடுவேன்.

விலை ஏன் இப்படி? கம்பி இழுப்பது, ஆள் அனுப்புவது, ரவுட்டர் கொடுப்பது எல்லாம் முதல் நாளே நிறுவனத்துக்கு ஆகும் செலவு. நீங்கள் நெடுநாள் இருப்பதாக உறுதி தந்தால் அதை மாதக் கட்டணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார்கள். தராவிட்டால் முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். இணைய வேகம் பொதுவாக இதனால் மாறுவதில்லை. வேறுபடுவது ரவுட்டரும் இலவச இணைப்பும்தான். அப்புறம், ஒப்பந்தம் என்றாலே விலை நிலையாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நடுவில் உயர்த்தலாம் என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது.

வீடு மாறும்போது இணைப்பைப் புது முகவரிக்கு மாற்றித் தருவார்களா என்றும் கேளுங்கள். மாற்றித் தந்தால் விலகல் கட்டணம் தப்பும். ஆனால் அன்றிலிருந்து புதிதாக 24 மாதம் தொடங்கிவிடுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சரி, சிம். அதற்குக் கம்பியும் இல்லை, ஆளும் வர வேண்டாம். அதனால் வெறும் சிம் திட்டத்தில் விலை வித்தியாசம் பெரும்பாலும் சிறியது. மாதாமாதம் போதும். போனும் சேர்த்து வாங்கினால் அது தவணைக் கடன் போலத்தான். அந்தத் தவணை முடிந்தபிறகும் பழைய தொகையே கழிந்துகொண்டிருக்கலாம், அதனால் கடைசி மாதத்துக்கு முந்தைய மாதம் நாள்காட்டியில் ஒரு நினைவூட்டல் போட்டு, வெறும் சிம் திட்டத்துக்கு மாறிவிடுங்கள்.