தற்காலிக வரவு எப்போது நிலைக்கும்? சார்ஜ்பேக் குறித்த கேள்வி பதில்

கேள்வி: பொருள் வரவில்லை, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கார்டு வங்கியில் சார்ஜ்பேக் புகார் கொடுத்தேன். ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டில் 8,000 வரவாகிவிட்டது. ஜெயித்துவிட்டேன்தானே?

இன்னும் இல்லை. அது விசாரணை முடியும்வரை வங்கி உங்கள் கணக்கில் வைத்திருக்கும் தற்காலிக வரவு. புகார் இப்போதுதான் வணிகரின் வங்கிக்குப் போயிருக்கும். பதில் தர அந்தத் தரப்புக்கு வழக்கமாக விசா கார்டில் 30 நாளும் மாஸ்டர்கார்டில் 45 நாளும் உண்டு. அதனால் மே ஸ்டேட்மென்ட்டில் எதுவும் தெரியாமல் போகலாம். அந்த மௌனத்தை வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எனக்கும் இப்படித்தான் வரவானது. ஜூனில் அதே தொகை மறுபடி பற்றாகியிருக்கிறது. கடைக்காரர் இரண்டாம் முறை எடுத்துவிட்டார், புதிதாகப் புகார் போடலாமா?

அவசரப்படாதீர்கள். அந்த வரியில் தற்காலிக வரவு திரும்பப் பெறப்பட்டதாகக் குறிப்போ, பழைய புகார் எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பொருளை ஒப்படைத்ததற்கான ரசீதை வணிகர் அனுப்பியிருக்கிறார், வங்கியும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். தேதி ஜூனாக இருப்பதால் புதிய செலவு போலத் தோன்றுகிறது. புதிய புகார் போட்டால் அது நிராகரிக்கப்படவே வாய்ப்பு அதிகம். வணிகர் அனுப்பிய ஆவணத்தை வங்கியிடம் உடனே கேட்டு வாங்குங்கள். ஒருவரது வழக்கில் ரசீதிலிருந்த முகவரி அவருடையதே அல்ல. அதை அவர் எழுத்தில் சுட்டிக்காட்டிய பிறகு, வங்கி வழக்கை அடுத்த சுற்றுக்கு எடுத்துச் சென்றது. அங்கும் உடன்பாடு வராவிட்டால் கார்டு நிறுவனமே தீர்ப்புச் சொல்லும். ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு என்பதால், எல்லா வழக்கையும் வங்கிகள் அதுவரை கொண்டுபோவதில்லை.

கேள்வி: 8,000 வரவாகிவிட்டதால் அந்த மாதம் மினிமம் டியூ கட்டவில்லை. சரிதானே?

பாதி சரி. சர்ச்சைக்குரிய தொகையைப் பல வங்கிகள் கட்ட வேண்டிய கணக்கிலிருந்து ஒதுக்கி வைக்கின்றன; மற்றச் செலவுகளுக்கான மினிமம் டியூ அப்படியே நிற்கும். தற்காலிக வரவைக் கட்டணமாக எண்ணுவதா என்பது வங்கிக்கு வங்கி மாறும் என்பதால், உங்கள் வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்குக் கடைக்காரரே பணத்தைத் திருப்பிவிட்டார், வங்கி வரவும் இருக்கிறது. லாபம்தான்!

லாபமில்லை. இரண்டில் ஒன்று திரும்பப் போகும், செலவழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: ஜெயித்தால் ஸ்டேட்மென்ட்டில் என்ன வரும்?

பெரும்பாலும் எதுவும் வராது. ஏப்ரலில் விழுந்த அதே வரி நிலைத்துவிடும், அவ்வளவுதான். வழக்கு முடிந்தது என்ற கடிதம் வராவிட்டால் நீங்களே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.