ஷார்ட்ஸ் போட்டால்தான் ரிலேயில் ஓடலாமா?

கேள்வி: "என் மகள் ஆம்பூரில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வருஷத்திலிருந்து பி.டி. பீரியடுக்கு அரைக்கை டி-ஷர்ட்டும் முழங்காலுக்கு மேல் நிற்கும் ஷார்ட்ஸும்தான் என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். நாங்கள் முஸ்லிம்கள். முழுக்கை, லெக்கின்ஸ், தலைக்கு ஸ்கார்ஃப் போட்டு அனுப்பினேன். மூன்று வாரமாக வராந்தாவில் உட்கார வைக்கிறார்கள். ரிலே டீமிலிருந்தும் பேரை எடுத்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகலாமா, வக்கீல் சார்?"

பதில்: போகலாம். ஆனால் இப்போது வேண்டாம். "எங்கள் மதம் சொல்கிறது" என்ற ஒரே வாதத்தோடு தனியார் பள்ளிக்கு எதிராகப் போனால் கால் ஊன்ற இடம் குறைவு.

கேரள உயர் நீதிமன்றத்தில் 2018-இல் இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. ஒரு கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளியில் இரண்டு சிறுமிகள் தலைத்துணியும் முழுக்கைச் சட்டையும் கேட்டார்கள். உடையைத் தேர்ந்தெடுப்பது தனிமனித உரிமைதான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பள்ளியை நடத்தும் நிர்வாகத்துக்கும் உரிமை உண்டு, இரண்டும் மோதினால் நிறுவனத்தின் உரிமையே மேலோங்கும் என்று மனுவைத் தள்ளிவிட்டது. இத்தனைக்கும் அதே நீதிபதி 2016-இல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு ஸ்கார்ஃப் போட அனுமதித்தவர். தேர்வு நடத்தும் பொது அமைப்பு வேறு, தனியார் பள்ளி வேறு. கர்நாடக ஹிஜாப் வழக்கிலும் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். அதை நம்பி உங்கள் பெண்ணின் ஏழாம் வகுப்பைப் பணயம் வைக்க முடியாது.

அதனால் கேட்கும் விதத்தை மாற்றுங்கள். "என் மகளுக்கு மட்டும் விலக்கு" என்று கேட்டால், "ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்பார் தலைமையாசிரியர். எல்லோருக்குமே தேர்வு கொடுங்கள் என்று கேளுங்கள். பள்ளி நிறத்திலேயே முழுக்கை டி-ஷர்ட், டிராக் பேண்ட், விருப்பப்பட்டவர்களுக்கு அதே நிறத் தலைத்துணி. மாதவிடாய் நாட்களில் ஷார்ட்ஸ் போடத் தயங்கும் பிள்ளைகள், காலில் தீக்காயத் தழும்பு உள்ள பிள்ளைகள், வயசுக்கு வந்த பெண்ணை ஷார்ட்ஸில் அனுப்பக் கூசும் இந்து, கிறிஸ்தவ வீடுகள் எல்லாம் உங்கள் வகுப்பிலேயே இருக்கும். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இது மதப் பிரச்சினையாகவே தெரியாது.

பி.இ.டி. ஆசிரியரின் பயத்தையும் ஒதுக்காதீர்கள். குண்டூசி குத்திய ஸ்கார்ஃபோடு கபடி ஆடினால் யாராவது ஒருவர் கண் போகும். கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் 2014-இல் தலைத்துணியை அனுமதித்தபோது, அது கறுப்பு அல்லது சட்டையின் நிறத்தில் இருக்க வேண்டும், சட்டையோடு இணைந்திருக்கக் கூடாது, ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. கூடைப்பந்துக்கும் 2017-இல் அனுமதி வந்தது. அதையே உங்கள் மனுவில் எழுதுங்கள். ஊசி இல்லாத, தொப்பி போல மாட்டும் எலாஸ்டிக் துணியாக இருக்கட்டும். வாங்கியதும் வீட்டில் பின்னாலிருந்து இழுத்துப் பாருங்கள். கையோடு கழன்று வர வேண்டும், கழுத்தை இறுக்கக் கூடாது. டிராக் பேண்டின் கால் விளிம்பு கணுக்காலில் பிடிப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பேட்டன் வாங்கும் இடத்திலேயே தடுக்கி விழுவாள்.

மனு தலைமையாசிரியருக்கும் தாளாளருக்கும் போகட்டும். "ஷார்ட்ஸ் கட்டாயம் என்ற விதியின் எழுத்து நகல் தேவை. முடிவு தெரியும்வரை இந்த உடையில் பயிற்சிக்கும் ரிலேவுக்கும் அனுமதியுங்கள். பத்து நாளில் எழுத்தில் பதில் தாருங்கள்" என்ற மூன்றே வரி போதும். பல பள்ளிகளில் அப்படி ஒரு விதியே இருக்காது, யாரோ வாயால் சொன்னது டைரிக்கு வந்திருக்கும். மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

வராந்தாதான் உங்கள் கையில் இருக்கும் வலுவான சங்கதி. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு குழந்தையை மன உளைச்சலுக்கு ஆளாக்குவதைத் தடை செய்கிறது. தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். ஒரு நாள் உட்கார வைத்ததை அதில் அடக்க முடியாது. வாரக்கணக்கில் மற்ற பிள்ளைகள் பார்க்க உட்கார வைத்திருந்தால் அடக்கலாம். எந்தத் தேதி, எந்த பீரியட், யார் என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால், அந்தக் குறிப்போடு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்குப் புகார், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு நகல். "டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற 16-ஆவது பிரிவு விடாது.

ஆனால் முதலில் ஒன்றை விசாரியுங்கள். உங்கள் பள்ளி சிறுபான்மை நிறுவனமா? அப்படியென்றால் 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. அந்தப் பிரிவுகளை மனுவில் எழுத வேண்டாம், தாளாளரோடு பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.