தொப்பைக்குக் கார்டிசாலா, குறட்டையா? பெங்களூர் வாசகர்களுக்கு ஒரு மருத்துவரின் பதில்கள்

கேள்வி (அல்சூர், 44 வயது ஆண்): காலை 8 மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் 19. இடுப்பு 104 செ.மீ. மன அழுத்தத் தொப்பை என்று ஜிம் பயிற்சியாளர் அஸ்வகந்தா மாத்திரை கொடுத்தார். தொடரலாமா?

பதில்: வேண்டாம். அந்த நேரத்துக்கு 19 இயல்பான அளவுதான். கார்டிசால் விடியலில் ஏறி நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். காலையில் ஒருமுறை எடுத்த ரத்தம் தொப்பைக்குக் காரணம் சொல்லாது. கார்டிசால் மிகுந்து வயிறு பெருக்கும் நோய் ஒன்று உண்டு, குஷிங். அதில் கைகால்கள் மெலியும், வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள் விழும், லேசாக இடித்தாலும் தோல் கன்றும், தரையிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கும். இவை இருந்தால்தான் நள்ளிரவு உமிழ்நீரில் கார்டிசாலைச் சோதிப்போம். அல்லது இரவில் 1 மி.கி. டெக்சாமெத்தசோன் மாத்திரை கொடுத்து, காலையில் கார்டிசால் அடங்குகிறதா என்று பார்ப்போம். அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி (அவருடைய மனைவி): குறட்டையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நடுவில் மூச்சு நின்று, திணறி விழிக்கிறார். ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறாராம்.

பதில்: அந்த 19-ஐவிட இது எனக்கு அதிகம் சொல்கிறது, அம்மா. தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கலாம். கழுத்திலும் நாக்கிலும் சேரும் கொழுப்பு தொண்டையை நெருக்கும். வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரல் சுருங்கும். தொண்டைக் குழாயைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் விசையும் தளரும். ஒரே இரவுத் தூக்கப் பரிசோதனை போதும். மணிக்கு 5 தடை வரை பொறுக்கலாம், 30-ஐத் தாண்டினால் கடுமை. எடைத் தொடர்பு வலுவானது: 2000-இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வில் எடை 10 சதவீதம் கூடியவர்களுக்குத் தடைகள் சுமார் 32 சதவீதம் கூடின. பரிசோதனை முடியும்வரை அவரை மல்லாந்து படுக்க விடாதீர்கள், இரவு மது கூடாது.

கேள்வி (ஜெயநகர், யோகா ஆசிரியை): மூச்சுத் தடை கார்டிசாலை ஏற்றுகிறது. ஆகவே முகமூடி வழியே காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவி மாட்டினால் தொப்பை கரையும், சரிதானே?

பதில்: பாதி சரி. ஒவ்வொரு திணறலுக்கும் அட்ரினலின் பாய்ந்து ரத்த அழுத்தம் ஏறுகிறது, அதில் ஐயமில்லை. கார்டிசால் விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சிபேப் போட்டவர்களுக்குச் சராசரியாக எடை சற்றுக் கூடியிருக்கிறது! பகல் தூக்கம் போகும், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும். தொப்பைக்கு அது மருந்தல்ல.

கேள்வி (மல்லேஸ்வரம்): நான் ஒல்லி, குறட்டையும் இல்லை. மகனின் தேர்வுக் கவலை மட்டும்தான். நானும் சிபேப் வாங்கட்டுமா?

பதில்: எதற்கு? பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி (அதே யோகா ஆசிரியை): அப்படியானால் மன அழுத்தத்துக்கும் தொப்பைக்கும் தொடர்பே இல்லையா?

பதில்: அப்படிச் சொல்லமாட்டேன். பருமனானவர்களின் தலைமுடியில் கார்டிசால் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எது எதற்குக் காரணம் என்பதுதான் இன்னும் தீரவில்லை. கவலையில் நள்ளிரவு பஜ்ஜியும் அறுந்த தூக்கமும் சேருகின்றனவே, அவற்றை எந்தக் கணக்கில் வைப்பது?