ஒரு முறுக்குக்கு அடக்கம் என்ன, விலை என்ன: எங்க கணக்கு

கேள்வி: நாங்க நாலு பொம்பளைங்க சேர்ந்து வீட்ல முறுக்கு சுட்டு டீக்கடை, மளிகைக்கடைக்குப் போடுறோம். எண்ணெய், மாவு, கேஸ், கூலி, உடையுறது எல்லாம் போக ஒரு முறுக்குக்கு என்ன விலை வைக்கிறது? நல்லா ஓடுது, ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது.

பதில்:

நாங்க மதுரைப் பக்கம் மூணு பேர், இதே தொழில்தான். உங்களுக்கு ஏன் கையில நிக்கலைன்னு ஓரளவு யூகிக்க முடியுது, ஏன்னா எங்களுக்கும் முதல் வருஷம் அப்படித்தான் போச்சு. சாமான் செலவு போக மிஞ்சினதை லாபம்னு சொல்லி மூணா பிரிச்சு எடுத்துக்குவோம். ஒரு தடவை எங்கள்ல ஒரு அக்கா மகளுக்குப் பிரசவம்னு ஊருக்குப் போயிட்டாங்க, அவங்க இடத்துக்கு நாள் கூலி 400 கொடுத்து ஒரு ஆளைப் போட்டோம், அந்த வாரம் பாத்தா லாபம்னு ஒண்ணுமே இல்ல. அப்பதான் உறைச்சது, நாங்க இத்தனை நாளா பிரிச்சுக்கிட்டது லாபம் இல்ல, எங்க சொந்தக் கூலி, அதுவும் குறைச்சல் கூலி.

அதுக்கப்புறம் ஒரு நாள் உக்காந்து ஒரே ஒரு தடவை சுடுறதை முழுசா எடை போட்டு, மணி பாத்து எழுதினோம். இதுல விலை எல்லாம் எங்க ஊர்ல நாங்க வாங்கினது, உங்க விலையைப் போட்டு மாத்திக்கங்க.

4 கிலோ பச்சரிசி, 1 கிலோ உளுந்து. அரிசி 200, உளுந்து 130, மில்லுல அரைக்கூலி 50, வெண்ணெய் கால் கிலோ 150, எள்ளு சீரகம் பெருங்காயம் உப்புக்கு ஒரு 40. ஆக மாவு சமாச்சாரம் மொத்தம் 570. இது வரைக்கும் எல்லாரும் சரியாத்தான் போடுவாங்க.

தப்பு ஆரம்பிக்கிறது எண்ணெயில. சட்டியில 4 லிட்டர் ஊத்தினா சில பேர் 4 லிட்டரையும் செலவுல எழுதுவாங்க, சில பேர் மிச்ச எண்ணெய் அப்படியே இருக்குல்லன்னு குத்துமதிப்பா ஒரு லிட்டர் எழுதுவாங்க, ரெண்டும் தப்பு. ஊத்துறதுக்கு முன்னாடி எடை போடுங்க, எல்லா ஈடும் முடிஞ்சு ஆறினப்புறம் வடிகட்டித் திரும்ப எடை போடுங்க. எங்களுக்கு 3,640 கிராம் ஊத்தினதுல 2,040 தான் திரும்பி வந்துச்சு, அதாவது முறுக்கு குடிச்சது 1,600 கிராம். திரும்பி வந்ததுலயும் அடியில கருப்பா மண்டி நிக்குமே, அது ஒரு 350 கிராம், அதைத் திரும்ப ஊத்தினா அடுத்த ஈடு முழுக்க கருப்பும் கசப்பும்தான், அதனால அதுவும் செலவுதான். மொத்தம் 1,950 கிராம். எண்ணெய் லிட்டருக்கு 910 கிராம்தான் இருக்கும், ஆக 2 லிட்டருக்கு கொஞ்சம் மேல, லிட்டர் 150 ரூபான்னு 320. இப்ப சில பாக்கெட் பாக்க ஒரு லிட்டர் மாதிரியே இருக்கும், உள்ள 910 இருக்காது, எழுதியிருக்கிற கிராமைப் பாத்து வாங்குங்க.

இந்த 1,600 உங்களுக்கு 2,000 ஆச்சுன்னா விலையில தப்பு இல்ல, மாவுல தப்பு. வெண்ணெய் கூடிப் போனாலும், மாவு தளர்வா இருந்தாலும், எண்ணெய் காயுறதுக்கு முன்னாடி போட்டாலும் அது எண்ணெயைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். காகிதத்துல வச்சா காகிதம் நனைஞ்சு மறுபக்கம் தெரியும், அதுலயே கண்டுபிடிச்சிரலாம்.

கேஸுக்கும் இதே எடைதான். காலையில சிலிண்டரைத் தூக்கித் தராசுல வச்சு, சாயந்தரம் திரும்ப வைங்க. பெரிய அடுப்புல நாலு மணி நேரத்துக்கு எங்களுக்கு 1.8 கிலோ போச்சு, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் விலைப்படி கிலோ 100 ரூபான்னு 180. வீட்டு சிலிண்டர் விலையைப் போட்டு கணக்குப் பாக்காதீங்க, வியாபாரத்துக்கு அதை எரிக்கக் கூடாது, என்னைக்கோ ஒரு நாள் மாறும்போது உங்க விலை கவுந்துரும்.

கூலி, முதல் நாள் அரிசி ஊற வச்சு காய வச்சு உளுந்து வறுக்கிறதுல இருந்து கடைசி பாக்கெட் ஒட்டுற வரைக்கும் எல்லார் நேரத்தையும் கூட்டினா 16 மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு 400ங்கிற கணக்குல 800 ரூபா. ஆமா, மொத்தத்துல இதுதான் பெரிய செலவு, இதைத்தான் எல்லாரும் எழுதாம விடுறது. பாக்கெட் கவர், லேபிள் ஒரு 70. கூட்டினா 1,940.

சரி, இப்ப எத்தனையால வகுக்கிறது, இங்கதான் விஷயமே இருக்கு. 5 கிலோ மாவுக்கு எங்களுக்கு சுமார் ஆறரை கிலோ முறுக்கு வரும், ஒண்ணு 25 கிராம்னா 260. 1,940ஐ 260ஆல வகுத்தா 7 ரூபா 46 பைசா, சந்தோஷமா இருக்கும். ஆனா சட்டியில திருப்பும்போதும் அடுக்கும்போதும் 20 உடைஞ்சிருச்சு, நல்லது 240 தான், இப்ப 8 ரூபா 8 பைசா. அதுலயும் கடையில இருந்து நமுத்துப் போச்சு, சிக்கு வாடை வருதுன்னு 12 திரும்பி வந்துச்சு. காசு வந்தது 228க்கு மட்டும்தான். 1,940ஐ 228ஆல வகுங்க, 8 ரூபா 51 பைசா. இதான் உங்க அசல் அடக்கம். உடைஞ்ச நொறுக்கை யாராவது வாங்கினா அது தனி வரவு, அதை நம்பி விலை வைக்காதீங்க. (எங்க வீட்ல நொறுக்கு வெளியே போற அளவுக்கு மிஞ்சுறதே இல்ல.)

திரும்பி வர்றதை ஒரு மாசமாவது கடை வாரியா எழுதி வைங்க. எங்களுக்குப் பாதிக்கு மேல ஒரே டீக்கடையில இருந்துதான் வந்துச்சு, போய்ப் பாத்தா ஜாடியை பாய்லர் பக்கத்துல வச்சு மூடியும் போடாம விட்டிருந்தார். அண்ணே, நீங்க இங்க வச்சா நாங்க ரிட்டன் எடுக்க மாட்டோம்னு சொன்னப்புறம் இடம் மாறுச்சு. மீதி எங்க தப்பு, அவசரத்துல சூடு ஆறாம கட்டினா கவருக்குள்ள வேர்த்து மறுநாளே நமுத்துரும்.

இனி விலை. முறுக்கு சில்லறையில 10 ரூபாய்க்குத்தான் போகும், 11 ரூபான்னா எவனும் சில்லறை தேட மாட்டான். கடைக்காரர் 2 ரூபா எடுத்துக்குவார், நமக்கு 8. அடக்கம் 8.51, ஒவ்வொண்ணுக்கும் அரை ரூபா நம்ம கூலியில இருந்து போகுது. விலையை ஏத்த முடியாதுன்னா எடையைத்தான் தொடணும், நாங்க குழல்ல பிழியும்போது வெளிச்சுத்துல ஒரு சுத்து குறைச்சோம், 25 கிராம் 21 ஆச்சு. அதே மாவுல 309 வருது, உடைஞ்சது திரும்பினது அதே வீதத்துல போக 270க்கு காசு வருது, கவர் கொஞ்சம் கூடுதலா 1,955 செலவு, ஒண்ணு 7 ரூபா 24 பைசா. கூலி போக ஈட்டு நாளுக்கு 200 ரூபா நிக்குது, அதுலதான் ஆட்டோ, சட்டி மாத்துறது, அச்சு வாங்குறது எல்லாம். பாக்கெட்ல எடை போட்டிருந்தா லேபிளையும் மறக்காம மாத்துங்க.

வீட்டுக்கே வந்து வாங்குறவங்களுக்கு மட்டும் அந்தப் பழைய 25 கிராம் முறுக்கு, அதே 10 ரூபா. கடைக்காரர் பங்கு இல்லைங்கிறதால அதுல ஒண்ணரை ரூபா நிக்கும், இப்ப எங்களுக்கு அதுதான் நல்லா போகுது.